ஐந்து பந்திக் கட்டுரையும் "இது மெசின் எழுதினது" என்ற பழியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கம் தரம் 10, 11 பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன், பின்னேரங்களில் ஒரு ரியூட்டரியிலும் நிற்பேன். பிள்ளை தானே எழுதிய கட்டுரையையும் சட்ஜிபிடி போன்ற மெசின் எழுதியது என்று ஏன் சொல்கிறார்கள் என்ற ஒரே சந்தேகத்தைக் கொஞ்ச நாளாகப் பெற்றோரும் பிள்ளைகளும் சக ஆசிரியர்களும் மாறி மாறிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வட்சப்பில் குரல் பதிவு போட்டு அலுத்துவிட்டது, அதனால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"ஐஞ்சு பந்திக் கட்டுரை எண்டு சொல்லுறியளே, அது எது? நாங்கள் படிச்சதும் அதுதானா?"

அதுதான். முதல் பந்தி முன்னுரை. ஒரு குறளோ பழமொழியோ வரும், "இன்றைய நவீன உலகில்" வரும், கடைசியில் "இக்கட்டுரையில் அவை பற்றி நோக்குவோம்" என்று மூன்று விடயத்தை அறிவித்துவிட்டு முடியும். அடுத்த மூன்று பந்தியும் அந்த மூன்று விடயத்துக்கு ஒவ்வொன்று: முதலாவதாக, அடுத்ததாக, இறுதியாக. ஐந்தாவது பந்தி "எனவே" என்று தொடங்கி, சொன்னதையே திரும்பச் சொல்லி, "உருவாக்குவோமாக" என்று நிற்கும். ஆங்கிலக் கட்டுரையிலும் இதே அச்சுத்தான், சொல் மட்டும் வேறு. அமெரிக்கப் பள்ளிகளிலும் பல காலமாக இதைத்தான் படிப்பிக்கிறார்கள்.

இது வந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு கட்டு விடைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு திருத்துகிறவருக்கு முன்னுரை இருக்கிறதா, மூன்று கருத்து இருக்கிறதா, முடிவுரை இருக்கிறதா என்று கண்ணை ஓடவிட்டாலே போதும். எழுதத் தடுமாறுகிற பிள்ளைக்கும் வெற்றுத்தாளைப் பார்த்துப் பயப்படாமல் தொடங்க ஒரு பிடி கிடைக்கும். நானும் இதைப் பல வருடம் படிப்பித்தவன்தான், கையைக் கழுவிவிட்டுப் பேச எனக்கு முகமில்லை.

"என்ர பிள்ளை எனக்கு முன்னால இருந்துதான் எழுதினவ. பிறகேன் மெசின் எழுதினதெண்டு சொல்லுறாங்கள்?"

ஏனென்றால் வாசிக்கிறவருக்கும் மெசின் எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவிக்கும் தெரிவது பிள்ளை அல்ல, சொல்வரிசை மட்டும்தான். அந்தச் சொல்வரிசையில் அடுத்து என்ன வரும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

வகுப்பில் ஒருநாள் ஒரு விளையாட்டுச் செய்து பார்த்தேன். கரும்பலகையில் "எனவே நாம் அனைவரும்" என்று எழுதிவிட்டு, அடுத்த சொல்லை யாரையும் பார்க்காமல் கொப்பியில் எழுதச் சொன்னேன். பாதிக்கு மேல் "ஒன்றிணைந்து". அதையும் எழுதிவிட்டு அடுத்ததைக் கேட்டேன், பிறகு அதற்கடுத்ததை. இப்படியே போய் ஒரு முழு முடிவுரையை, யாரும் யோசிக்காமல், வகுப்பே சேர்ந்து எழுதி முடித்துவிட்டது! தலைப்பு என்ன என்று நான் அதுவரை சொல்லவே இல்லை. கடைசியில் ஒரு பையன்தான் கேட்டான், "சேர், இது எதைப் பற்றின கட்டுரை?"

கண்டுபிடிக்கும் கருவி செய்வதும் ஏறக்குறைய இந்த விளையாட்டைத்தான். அதற்குள்ளும் மொழி மாதிரி எனப்படும், அடுத்த சொல்லை ஊகிக்கப் பழக்கிய ஒரு நிரல் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லையும் மறைத்து, இதற்கு முன்னால் வந்ததை வைத்துப் பார்த்தால் இந்தச் சொல் வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும். எல்லாச் சொல்லும் இலகுவாக ஊகிக்கக்கூடியதாக இருந்தால் "மெசின்" பக்கம் சாய்க்கும். இந்த அளவுக்குப் பெர்ப்ளெக்சிட்டி என்று பெயர். பெயரை விடுங்கள், பொருள் இதுதான்: ஒவ்வொரு இடத்திலும் இரண்டு சொல்லுக்குள் ஒன்று என்ற அளவில் ஊகிக்க முடிந்தால் அளவு 2, ஐம்பதில் ஒன்று என்றால் 50. குறையக் குறையச் சந்தேகம். வேறு சில கருவிகள் இன்னொன்றையும் பார்க்கும், வசன நீளம் ஏறி இறங்குகிறதா, ஒரே அளவில் போகிறதா என்று. 2023 சனவரியில் வந்த ஜிபிடிசீரோ என்ற கருவி இந்த இரண்டையும்தான் தன் அடிப்படையாகச் சொன்னது.

இப்போது உங்கள் மகளின் கட்டுரையை யோசித்துப் பாருங்கள். ஊகிக்கக்கூடிய சொல், ஒரே அளவான வசனம், ஒரே அளவான பந்தி. நாங்கள் "நல்ல கட்டுரை" என்று புள்ளி போட்ட அதே குணங்கள்.

"அப்ப சட்ஜிபிடி எங்கட பிள்ளைகளப் பாத்துக் கொப்பி அடிச்சதா?"

கேள்வி பகிடியாக வந்தது, ஆனால் நல்ல கேள்வி. சட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள் கோடிக்கணக்கான பக்கங்களை வாசித்து, ஒரு சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வருவது வழமை என்று பழகியவை. போனில் தட்டும்போது விசைப்பலகைக்கு மேலே மூன்று சொல்லைக் காட்டுமே, அதன் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு மனிதர்களை வைத்து, இரண்டு பதிலில் எது நல்லது என்று தெரிவுசெய்யச் சொல்லிப் பழக்கினார்கள். ஒழுங்காக, பந்தி பிரித்து, யாரையும் நோகடிக்காமல், முடிவில் தொகுத்துச் சொல்கிற பதில் அப்படியான தெரிவில் வெல்லும். எங்கள் திருத்துகிறவர் மேசையிலும் அதுதானே வெல்கிறது.

ஆகவே யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. "நீர் பற்றிக் கட்டுரை எழுது" என்றால் பிள்ளையும் மெசினும் ஒரே இடத்துக்குத்தான் போகிறார்கள்: யாரும் பிழை சொல்ல முடியாத, யாருக்கும் பொருந்துகிற விடைக்கு. மெசின் கோடி பக்கத்தின் சராசரியிலிருந்து அங்கே போகிறது, பிள்ளை ரியூசனில் பாடமாக்கிய இருபது மாதிரிக் கட்டுரையிலிருந்து போகிறது. சட்ஜிபிடி வந்தது 2022 நவம்பர் 30இல். அதற்கு எத்தனையோ வருடம் முந்திய பழைய கொப்பிகளை எடுத்துப் பாருங்கள், அதே "இன்றைய நவீன உலகில்" அங்கேயும் இருக்கும்.

"அந்தக் கருவி 85 வீதம் எண்டு காட்டினது. கம்பியூட்டர் பொய் சொல்லுமா?"

பொய் சொல்லவில்லை, நீங்கள் கேட்காத கேள்விக்கு விடை சொல்கிறது. "இந்தப் பிள்ளை களவாக எழுதினாளா?" என்பதற்கு அதனிடம் விடை கிடையாது. "இந்தச் சொல்வரிசை எனக்குப் பழக்கமான மெசின் எழுத்தைப் போல எவ்வளவு இருக்கிறது?" என்பதற்குத்தான் எண் தருகிறது. கட்டுரையில் 85 வீதத்தை மெசின் எழுதியது என்று அந்த எண்ணை வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். பல கருவிகளில் பொருள் அதுவே அல்ல.

சட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 சனவரியில் ஒரு கண்டுபிடிக்கும் கருவியை வெளியிட்டது. தங்கள் சோதனையில் மெசின் எழுதியவற்றில் 26 வீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது என்றும், மனிதர் எழுதியவற்றில் 9 வீதத்தை மெசின் என்று பிழையாகச் சொன்னது என்றும் அவர்களே அறிவித்தார்கள். துல்லியம் போதாது என்று அதே வருடம் யூலையில் அதை எடுத்தும்விட்டார்கள். 9 வீதம் என்பதை எங்கள் வகுப்புக்குள் கொண்டுவந்து பாருங்கள். 40 பிள்ளை, 40 பேரும் சொந்தமாக எழுதியிருந்தாலும் மூன்று நாலு பேர் குற்றவாளி. அந்த மூன்று நாலு பேரும் குலுக்கலில் விழுகிறவர்கள் இல்லை. அச்சை மிகக் கவனமாகப் பின்பற்றியவர்கள்தான் முதலில் மாட்டுவார்கள், அதாவது சொன்னதைக் கேட்கிற பிள்ளைகள். எனக்கு ஆத்திரம் வருகிற இடம் இதுதான்.

இன்னொரு ஆய்வும் 2023இல் வந்தது, ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் பரீட்சைக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளுக்குக் கொடுத்தார்கள். சராசரியாக 61 வீதத்தை மெசின் எழுதியது என்று அந்தக் கருவிகள் சொல்லின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் அப்படிப் பிழை விடவில்லை. சொல்வளம் குறுகியதால் ஊகிக்க இலகுவாகிவிட்டது என்பது அவர்கள் கண்ட காரணம். அது அச்சைப் பற்றிய ஆய்வு அல்ல, ஆனால் வழி ஒன்றுதான்: சொல்வளம் குறைந்தாலும் வடிவம் இறுகினாலும் அடுத்த சொல்லின் தெரிவு சுருங்கிவிடும். எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும்போது இரண்டும் சேர்ந்து வருகிறது.

"அது இங்கிலிசுக்கு. தமிழில எழுதினா அந்தக் கருவி சரியாச் சொல்லுமோ?"

தமிழுக்கு இன்னும் குறைவாகத்தான் நம்பலாம். மேலே சொன்ன ஓப்பன்ஏஐ கருவியை ஆங்கிலத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள், மற்ற மொழிகளில் பிழை கூட என்று செய்தவர்களே எழுதியிருந்தார்கள். இப்படியான கருவிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தை வைத்துச் செய்யப்பட்டவை, அதில் தமிழை ஒட்டினால் ஏதோ ஒரு எண் வரும். எண் வந்தது என்பதற்காக அளந்துவிட்டது என்று இல்லை.

தமிழில் நடப்பது பெரும்பாலும் கருவியால் அல்ல, கண்ணால். திருத்துகிறவர் இரண்டு வசனம் வாசிப்பார், "இது பிள்ளை எழுதின மாதிரி இல்லையே" என்பார். அந்தக் கண்ணுக்கும் அதே நோய்தான். "பாரிய பிரச்சினையாகும்", "இன்றியமையாத ஒன்றாகும்" என்று வீட்டில் ஒரு பிள்ளையும் கதைப்பதில்லை. ஆனால் அப்படி எழுத வைத்தது யார்?

"சேர், நான் ரியூசன் கட்டுரையைப் பாடமாக்கித்தான் எழுதினனான். அதுவும் களவா?"

களவு என்று சொல்ல எனக்கு வாய் வராது, உன்னைப் பாடமாக்கச் சொன்னவர்கள் நாங்கள். ஆனால் அது உன் எழுத்து என்றும் சொல்லமாட்டேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அங்கேதான் எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் நிற்கிறார்கள்.

பரீட்சை மண்டபத்தில் இது பிரச்சினையாக வராது, கையால் எழுதுகிறாய், மேற்பார்வையாளர் நிற்கிறார். வருவது ஒப்படைகளில், வீட்டிலிருந்து தட்டச்சு செய்து அனுப்பும் போட்டிகளில், பிறகு பல்கலைக்கழகத்துக்குப் போய் அறிக்கை எழுதும்போது. ஒரே மாதிரிக் கட்டுரையை ஒரே ரியூட்டரியில் படித்த ஐந்து பேர் அனுப்பினால், ஐந்தும் ஒன்றுபோல் இருக்கும். ஐந்து பேரும் ஒரே மெசினிடம் கேட்டார்கள் என்றுதான் பார்க்கிறவர் நினைப்பார்.

"வடிவத்தை விட்டா புள்ளி போகும். விடாட்டி மெசின் எண்டுவாங்கள். என்னதான் செய்யிறது?"

வடிவத்தை விடவேண்டாம். முன்னுரை, மூன்று விடயம், முடிவுரை இருக்கட்டும். வடிவம் எலும்பு மாதிரி, எல்லாருக்கும் ஒன்றுதான். சந்தேகத்தைக் கொண்டுவருவது அதற்குள் நிரப்புகிற வசனங்கள். ஒரு பிள்ளையின் பந்தியை வைத்தே காட்டுகிறேன். பெயர் வேண்டாம், 2024இல் தரம் 10, கனகராயன் ஆற்றங்கரைப் பக்கம் வீடு. தலைப்பு "நீர் வளம் காப்போம்". கேள்விப்பட்டிருப்பீர்கள், "நீரின்றி அமையாது உலகு" என்றுதான் தொடங்கியிருந்தாள். மூன்றாம் பந்தி இப்படி:

"அடுத்ததாக, நீர் மாசடைதல் இன்று உலகம் எதிர்நோக்கும் பாரிய பிரச்சினையாகும். மனிதனின் பொறுப்பற்ற செயற்பாடுகளால் நீர் நாளுக்கு நாள் மாசடைந்து வருகின்றது. இதனால் மக்கள் பல்வேறு நோய்களுக்கு உள்ளாகின்றனர். எனவே நீரைப் பாதுகாப்பது எமது கடமையாகும்."

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. இப்போது "நீர்" என்று வருகிற இடமெல்லாம் "வளி" என்று மாற்றி வாசித்துப் பாருங்கள். நான்கு வசனமும் அப்படியே நிற்கும். "மண்" என்று போட்டாலும் நிற்கும். அதாவது இந்த நான்கு வசனத்தில் நீரைப் பற்றி ஒன்றுமே இல்லை. சொற்களை எண்ணினால் 8, 8, 5, 5. நான் இதைச் சொல் மாற்றிப் பார்க்கிற சோதனை என்று சொல்வேன், பென்சிலும் கையுமாக யாரும் செய்யலாம், இணையம் தேவையில்லை.

அவளைக் கூப்பிட்டு, "உங்கட வீட்டுத் தண்ணி எப்பவாவது பழுதாப் போச்சுதா?" என்று கேட்டேன். முதலில் இல்லை என்றாள். பிறகு, "வெள்ளம் வந்தபோது" என்றாள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்த வெள்ளம், அவள் அப்போது தரம் 4. சொல்லச் சொன்னேன், சொன்னதை அப்படியே எழுதச் சொன்னேன். வந்தது இது:

"2018 டிசம்பர் வெள்ளம் வடிந்தபின் எங்கள் கிணற்றுத் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. அப்பா இரண்டு நாள் இறைத்தார். இறைத்து முடிந்ததும் வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குளோரின் போட்டுவிட்டு, வாசம் போகும்வரை குடிக்க வேண்டாம் என்று சொன்னதால் அம்மம்மா மேட்டுக் கோயில் கிணற்றிலிருந்து ஒரு கிழமை தண்ணீர் சுமந்தார். மாசடைந்த நீர் என்றால் எனக்கு அந்த நிறம்தான்."

இதில் "வளி" என்று போட்டுப் பாருங்கள், ஒரு வசனமும் நிற்காது. வளியை யார் இறைப்பது? சொல் எண்ணிக்கை 10, 4, 22, 6. அவள் நீளத்தை யோசித்து எழுதவில்லை, நடந்ததைச் சொன்னபோது தானாக ஏறி இறங்கியது. "தேநீர்" என்ற சொல்லை அந்த இடத்தில் வகுப்பில் யாராலும் ஊகித்திருக்க முடியாது. கட்டுரையில் இது இன்னமும் மூன்றாம் பந்திதான், வடிவம் குலையவில்லை. நான் முழுக் கட்டுரையையும் மாற்றச் சொல்லவும் இல்லை. மூன்று உடற்பந்தியில் இரண்டில் இப்படி ஒரு நிகழ்வு, முன்னுரையின் "நவீன உலகில்" வசனம் வெளியே, அவ்வளவுதான். குறளை விட்டுவிட்டாள். அதை நான் கேட்கவில்லை, தானாகவே வெட்டினாள். எனக்கு அது கொஞ்சம் கவலைதான், நல்ல குறள்.

"சேர், வேணுமெண்டு நாலு எழுத்துப்பிழை விட்டா மெசின் இல்லையெண்டு நம்புவாங்கள் தானே?"

இதைக் கேட்ட பிள்ளைகள் ஒருவர் இருவர் இல்லை. சிலர் செய்தும் பார்த்திருக்கிறார்கள். ல, ள, ழ மாற்றிப்போட்ட கட்டுரையில் பிழைக்குப் புள்ளி போனது, சந்தேகம் போகவில்லை. வசனம் அதே அச்சு வசனம்தானே, பிழை அதன் மேலே தூவின உப்பு. கருவியின் எண் கொஞ்சம் இறங்கலாம், ஏனென்றால் பிழையான சொல் ஊகிக்க முடியாத சொல். ஆனால் நேர்மையாக எழுதின பிள்ளை, தான் நேர்மையானவள் என்று காட்ட ஏமாற்று வேலை செய்யவேண்டி வருகிறது. அந்த நிலைக்குப் பிள்ளையைத் தள்ளக்கூடாது.

இதற்குள்ளே ஒரு வேடிக்கையும் உண்டு. மேலே சொன்ன ஸ்டான்போர்ட் ஆய்வில், அந்த 91 கட்டுரைகளின் சொற்களைத் தாய்மொழிக்காரர் எழுதுவதுபோல் வளமாக்கித் தரச் சொல்லிச் சட்ஜிபிடியிடமே கொடுத்தார்கள். பிறகு கருவிகள் மெசின் என்று சொன்ன அளவு 61 வீதத்திலிருந்து ஏறக்குறைய 12 வீதத்துக்கு இறங்கியது. சொந்தமாக எழுதியபோது குற்றவாளி, மெசினிடம் கொடுத்து மாற்றியதும் சுற்றவாளி! கருவியிடமிருந்து தப்புகிற வழியைத் தேடுகிற பிள்ளையைக் கடைசியில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று இதிலேயே தெரிகிறது.

"நான் ஒரு ஆசிரியர். சந்தேகம் வந்தால் பிள்ளையிடம் எப்பிடிக் கேக்கிறது, என்னத்தை வச்சு முடிவெடுக்கிறது?"

முதலில் மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் கேட்காதீர்கள். ஒரு பாடசாலையில் எனக்குத் தெரிந்த ஒருவர் வகுப்பில் எழுப்பிவிட்டுக் கேட்டார், அந்தப் பையன் அதற்குப் பிறகு ஒரு தவணை முழுக்க ஒப்படையே கொடுக்கவில்லை. அவன் சொந்தமாகத்தான் எழுதியிருந்தான், பழைய கொப்பியில் இரண்டு வரைவு இருந்தது.

நான் செய்வது இது. கட்டுரையை மூடி வைத்துவிட்டு, "இந்தப் பந்தியில என்ன சொல்ல வந்தனீ?" என்று கேட்பேன். தானே யோசித்தவர் வேறு சொல்லில் சொல்வார், பெரும்பாலும் எழுதியதைவிட நன்றாகச் சொல்வார். பாடமாக்கியவர் அதே சொல்லில், அதே வரிசையில் ஒப்புவிப்பார், நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்குவார். ஒன்றும் தெரியாதவருக்கு இரண்டும் வராது. மூன்றையும் பிரித்தறிய ஐந்து நிமிடம் போதும். கூச்சப்படுகிற பிள்ளை வாயைத் திறக்கமாட்டாள், அது குற்றத்தின் அடையாளம் இல்லை. அவளுக்கு ஒரு தாளைக் கொடுத்து அதே விடயத்தில் ஆறு வரி எழுதச் சொல்லுங்கள்.

தட்டச்சு செய்ததென்றால் வரைவு வரலாற்றைப் பார்க்கலாம். கூகிள் டொக்ஸில் எழுதியிருந்தால் எப்போது என்ன தட்டப்பட்டது என்று பழைய நிலைகள் இருக்கும். ஒரேயடியாக முழுக் கட்டுரையும் வந்து விழுந்திருந்தால் கேள்வி கேட்கக் காரணம் உண்டு, ஆனால் தீர்ப்புச் சொல்லக் காரணம் இல்லை. எங்கள் பிள்ளைகள் முதலில் கொப்பியில் எழுதிவிட்டு, அண்ணாவின் போனில் குரலால் சொல்லிப் பதிவார்கள், அதுவும் பெரிய துண்டு துண்டாகத்தான் வந்து விழும். அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கருவி தந்த எண்ணை மட்டும் வைத்து யாருக்கும் பூச்சியம் போடாதீர்கள். அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகம், தான் காசு கொடுத்து வாங்கியிருந்த டேர்னிட்டின் என்ற மென்பொருளில் மெசின் எழுத்தைப் பிடிக்கும் பகுதியை 2023 ஓகஸ்டில் நிறுத்திவைத்தது. அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, பிழையாகக் குற்றம்சாட்டப்படக்கூடிய மாணவர்களின் எண்ணிக்கை.

"விவரம் போட்டா சரியெண்டியள். மெசினிட்ட 'இரணைமடு, கிணறு, அம்மம்மா எல்லாம் போட்டு எழுது' எண்டா அதுவும் எழுதுமே?"

எழுதும். அதனால்தான் விவரம் இருப்பதை ஒரு சான்றிதழ் மாதிரி எடுக்காதீர்கள் என்கிறேன். சொல் மாற்றிப் பார்க்கிற சோதனை யார் எழுதினார் என்பதைக் காட்டாது, வசனத்துக்குள் ஏதாவது இருக்கிறதா என்பதைத்தான் காட்டும். அச்சுக் கட்டுரையை வைத்து ஒருவரைக் குற்றம் சொல்ல முடியாததுபோல, விவரமான கட்டுரையை வைத்து ஒருவரைச் சுத்தமானவர் என்றும் சொல்ல முடியாது.

ஆனால் ஒரு வித்தியாசம் வரும். மெசின் போடுகிற விவரம் ஊர்ப்பெயரோடு நிற்கும். அழகான இரணைமடு, வயல்வெளி, கடின உழைப்பாளியான விவசாயி. அடுத்த கேள்விக்கு அங்கே இடமில்லை. கிணற்றைப் பற்றி எழுதிய அந்தப் பிள்ளையிடம் "அப்பா எதால இறைச்சவர்?" என்று கேட்டேன். பக்கத்து வீட்டாரின் மோட்டர், எண்ணெய் எங்கள் காசு, இரண்டாம் நாள் மோட்டர் நின்றுவிட்டது, பிறகு வாளியால் என்று சொல்லிக்கொண்டே போனாள். கட்டுரையில் இல்லாதது, ஆனால் கட்டுரைக்குப் பின்னால் இருந்தது. மெசினிடம் வாங்கி வந்தவருக்கு அந்தப் பின்பக்கம் இருக்காது, உடனே கற்பனை செய்து சொல்லக்கூடிய கெட்டிக்காரரைத் தவிர. அப்படி ஒருவர் கிடைத்தால் அவரை எழுத்தாளராக்க வேண்டியதுதான்.

"நான் மெசினிட்ட கருத்து மட்டும் கேட்டு, பிறகு சொந்தமா எழுதினனான். அதுக்கும் மெசின் எண்டு வந்தா?"

வரக்கூடும். "நீரைக் காப்பதற்கு மூன்று கருத்துத் தா" என்று கேட்டால் அது தருகிற மூன்றும் ரியூட்டரி மாதிரிக் கட்டுரையில் இருக்கிற அதே மூன்றுதான்: பயன், மாசு, பாதுகாப்பு. அந்த மூன்று தலைப்போடு உட்கார்ந்தால் வசனமும் அதே தடத்தில்தான் ஓடும், நீ எவ்வளவு நேர்மையாக எழுதினாலும். இரண்டாவது கேள்வியில் சொன்ன விளையாட்டை நினை. தலைப்புத் தெரியாமலே முடிவுரை எழுதிவிட்டீர்களே.

கேட்டதாக ஆசிரியரிடம் சொல்லிவிடு, அது முதல் வேலை. சில ஒப்படைகளில் அனுமதி இருக்கும், சிலவற்றில் இருக்காது. அடுத்த முறை கேட்காமல் தொடங்கிப் பார். தாளை எடுத்து, தலைப்போடு சம்பந்தமாக உன் வீட்டில் நடந்த ஒன்றைக் கதைக்கிற மாதிரி ஆறு வரி எழுது, எழுத்துத்தமிழ் பற்றி யோசிக்காதே. சிறுபோகத்துக்குத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது என்று கூட்டத்தில் சொன்ன நாள் அப்பா வீட்டுக்கு வந்து என்ன சொன்னார்? அதை எழுது. பிறகு அந்த ஆறு வரியிலிருந்து மூன்று கருத்தைப் பிரித்தெடு. பயன், மாசு, பாதுகாப்பு வராது. "யாருக்கு முதலில் தண்ணீர்", "இரவில் வாய்க்காலுக்குக் காவல்", "விதைக்காமல் விட்ட வயல்" என்று ஏதாவது வரும். வடிவம் அதே ஐந்து பந்திதான். எனக்கு வந்த ஒரு கொப்பியில் இந்த மூன்றும் இருந்தது. முடிவுரையில் மட்டும் "எனவே நாம் அனைவரும் ஒன்றிணைந்து" என்று எழுதி, பிறகு ஒரு கோடு கீறி வெட்டியிருந்தான்.